தண்டுவட நீரில் இந்தியா இங்க் போடுவது எப்படி: கிரிப்டோகாக்கஸ் உறையைத் தேடும் புதியவர்களுக்கு

மைக்ரோபயாலஜி லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் இந்தப் பரிசோதனைக்கு நான்கு வரிதான் இருக்கும்: ஒரு சொட்டு சி.எஸ்.எஃப்., ஒரு சொட்டு மை, மேலே கவர் ஸ்லிப், அப்புறம் மைக்ரோஸ்கோப். நைட் டியூட்டியில் தனியாக இருக்கும்போது அந்த நான்கு வரி போதாது. எந்த மை, எவ்வளவு அடர்த்தி, வெளிச்சத்தை எப்படி வைப்பது, வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஞ்சையா என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். நானும் அவற்றோடு நிறைய தடுமாறியிருக்கிறேன். அந்த விவரங்களைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மை எதற்கும் நிறம் ஏற்றாது. இந்தியா இங்க் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய கரித்துகள். கிரிப்டோகாக்கஸ் ஈஸ்டைச் சுற்றி பாலிசாக்கரைடால் ஆன தடித்த, வழவழப்பான உறை இருக்கிறது. அந்த உறைக்குள் கரித்துகள் நுழைய முடியாது. அதனால் சுற்றிலும் கறுப்பாகவும், உறை இருக்கும் இடம் வெளிச்சமாகவும், நடுவில் ஈஸ்ட் செல்லும் தெரிகிறது. அதாவது உறையை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை, மை போக முடியாத இடத்தைத்தான் பார்க்கிறோம். மை போக முடியாத இடம் வேறு காரணங்களாலும் உண்டாகலாம். தவறான பாசிட்டிவ் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

1. படிவமும் குழாயும்

மாதிரி கைக்கு வந்ததும் குழாயில் உள்ள பெயரும் எண்ணும் படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்து, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வார்டுக்கு போன் போட்டுக் கேட்டு, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நேரம் எழுதவில்லை என்பதற்காக சி.எஸ்.எஃப்.பைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதுகில் ஊசி போட்டு எடுத்த மாதிரி அது. இன்னொரு முறை எடுப்பது நோயாளிக்கு எளிதல்ல.

படிவத்தில் 'இந்தியா இங்க்' என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர், வாரக்கணக்கில் தலைவலியோடு இருப்பவர் என்று ஏதாவது குறிப்பு இருந்தால் கேட்காமலே போடுங்கள். செல் எண்ணிக்கை குறைவு, இது தேவையில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எச்.ஐ.வி. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு மூளைக்காய்ச்சல் இருந்தாலும் தண்டுவட நீரில் வெள்ளையணுக்கள் மிகக் குறைவாக இருக்கலாம், ஏறக்குறைய இல்லாமலும் போகலாம். அணுக்கள் இல்லாத, பளிங்குபோல் தெளிந்த நீரில்தான் ஈஸ்ட் நிறைய இருக்கும் நாட்களும் உண்டு.

எச்.ஐ.வி. நிலையைக் குழாயின் லேபிளில் எழுதவே கூடாது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் அந்தத் தகவலை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. யாராவது லேபிளில் எழுதி அனுப்பியிருந்தால் லேபிளை மாற்றிவிட்டு, வார்டில் சொல்லிவையுங்கள்.

வழக்கமாக மூன்று நான்கு குழாய்களில் பிரித்து அனுப்புவார்கள். எந்தக் குழாய் எந்தப் பிரிவுக்கு என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மைக்ரோபயாலஜிக்கு வரும் குழாயில் குறைந்தது 2 மில்லி இருந்தால் நல்லது. பூஞ்சையைத் தேடும்போது 3 முதல் 5 மில்லி கிடைத்தால் இன்னும் நல்லது. மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கிரிப்டோகாக்கஸ் குளிரைத் தாங்கும், ஆனால் அதே குழாயிலிருந்து பாக்டீரியா கல்ச்சரும் போடவேண்டும். மூளைக்காய்ச்சல் தரும் சில பாக்டீரியாக்கள் குளிரில் செத்துவிடும்.

2. மையை முதலில் சோதியுங்கள்

இந்தப் பரிசோதனை கெடுவதற்கு முதல் காரணம் மைதான் என்பது என் கருத்து. பேனாவுக்கு ஊற்றும் மை உதவாது. அது கரைந்த சாயம், அதில் துகள் இல்லை. உறைக்குள்ளும் ஊறிவிடும், வளையமே தெரியாது. கரித்துகள் உள்ள டிராயிங் இங்க் வேண்டும். கலைப்பொருள் கடையில் ஒரு சின்ன பாட்டில் வாங்கினால், ஸ்லைடுக்கு ஒரு சிறு சொட்டு என்ற கணக்கில் மாதக்கணக்கில் வரும். பணம் இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. மை, கண்ணாடி, கவர் ஸ்லிப் எல்லாம் சேர்த்தே ஒரு பரிசோதனைக்குச் சில ரூபாய்தான் ஆகும்.

ஆனால் கடையில் கிடைக்கும் எல்லா டிராயிங் இங்க்கும் சரிவராது. தண்ணீரில் அழியாத வகைகளில் அரக்கு போன்ற பசைப்பொருள் கலந்திருக்கும். உப்பு உள்ள நீரில் பட்டதும் சில மைகள் திரிந்து கட்டிகட்டியாகிவிடும். கட்டிகளுக்கு நடுவே வெளிச்சமான இடைவெளிகள் விழும், அதைப் பார்த்து வளையம் என்று நினைத்துவிடுவீர்கள். எனவே புது பாட்டில் வாங்கியதும் ஒரு சொட்டு மையோடு ஒரு சொட்டு நார்மல் சலைன் கலந்து 40 லென்ஸில் பாருங்கள். களம் முழுவதும் ஒரே சீரான பழுப்புக் கறுப்பாகவும், துகள்கள் தனித்தனியாக நடுங்கிக்கொண்டும் இருந்தால் நல்ல மை. கட்டிகள் தெரிந்தால் அந்த பாட்டிலை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நல்ல மை கிடைக்கவில்லையென்றால் நைக்ரோசின் தயாரிக்கலாம். 10 கிராம் நைக்ரோசினை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் போட்டு, கொதிக்கும் நீர்த்தொட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். ஆறியதும் கெடாமல் இருக்க 0.5 மில்லி ஃபார்மலின் சேர்த்து, வடிதாளில் இரண்டு முறை வடிகட்டுங்கள். களம் கரிமையைவிட வழவழப்பாக, துகள் தெரியாமல் இருக்கும். சிலருக்கு இதுதான் பிடிக்கும்.

இரண்டாவது ஆபத்து, மை பாட்டிலுக்குள்ளேயே ஏதாவது வளர்ந்திருப்பது. பாட்டிலில் நேராக பிப்பெட் விட்டுவிட்டு மூடிவைத்தால் நாளடைவில் பாக்டீரியாவோ ஈஸ்டோ குடியேறிவிடும். அதனால் புது பாட்டிலைத் திறந்ததும் சிறு குப்பிகளில் பிரித்து வைத்துவிடுங்கள், ஒரு குப்பி தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள். பரிசோதனை செய்யும் ஒவ்வொரு நாளும் மையை மட்டும் சலைனோடு கலந்து ஒரு ஸ்லைடு பார்த்துவிட வேண்டும். அந்த ஸ்லைடில் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் ஒரு பாசிட்டிவ் கொடுத்தீர்களென்றால், அந்த ஈஸ்ட் நோயாளியிடமிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

லேபில் கிரிப்டோகாக்கஸ் ஸ்ட்ரெயின் இருந்தால் அதைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாகவும், கேண்டிடாவை நெகட்டிவ் கன்ட்ரோலாகவும் போட்டுப் பாருங்கள். கல்ச்சரில் பலமுறை வளர்த்த ஸ்ட்ரெயினில் உறை மெலிந்து போயிருக்கும். வளையம் சின்னதாகத் தெரிந்தால் உடனே மையைக் குறை சொல்லிவிடாதீர்கள்.

3. சுழற்றுதல்

குழாயை பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் திறங்கள். கிரிப்டோகாக்கஸைத் தேடும் அதே நோயாளிக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலும் இருக்கலாம், பல நேரம் மருத்துவர் இரண்டையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பார். மூடியுள்ள பக்கெட்டோடு கூடிய சென்ட்ரிஃப்யூஜ் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

1 மில்லிக்கு மேல் இருந்தால் 1500 ஜி விசையில் 10 முதல் 15 நிமிடம் சுழற்றுங்கள். இங்கே அடிக்கடி ஒரு குழப்பம் வரும். 1500 ஜி என்பதும் நிமிடத்துக்கு 1500 சுற்று என்பதும் ஒன்றல்ல. சென்ட்ரிஃப்யூஜின் நடு அச்சிலிருந்து குழாயின் அடிவரை 15 சென்டிமீட்டர் என்றால், 1500 ஜி கிடைக்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று வேண்டும். அதே கருவியில் 1500 சுற்று வைத்தால் கிடைப்பது கால்பங்கு விசைதான். ஸ்கேல் வைத்து ஒருமுறை அளந்து, உங்கள் கருவிக்கு எத்தனை சுற்று என்று எழுதி அதன் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

சுழன்று முடிந்ததும் குழாயை ஆட்டாமல் எடுத்து, மேல்நீரை ஸ்டெரைல் பிப்பெட்டால் வேறு குழாய்க்கு மாற்றுங்கள். கொட்டிவிடாதீர்கள், ஆன்டிஜென் பரிசோதனைக்கு அதுதான் வேண்டும். அடியில் அரை மில்லி போல் விட்டுவிட்டு, படிவை பிப்பெட்டால் மெதுவாகக் கலக்குங்கள். முதலில் இதிலிருந்து கல்ச்சருக்கு எடுத்துவிடுங்கள். பிறகு கிராம் சாயத்துக்கும் இந்தியா இங்க்குக்கும் ஒவ்வொரு சொட்டு. இந்த வரிசை முக்கியம். ஸ்லைடு போட்ட பிப்பெட்டைத் திரும்பக் குழாய்க்குள் விட்டால் கல்ச்சர் கெட்டுவிடும்.

மாதிரி 1 மில்லியோ அதற்கும் குறைவாகவோ வந்தால் சுழற்ற வேண்டாம். ஸ்டெரைல் முறையில் கல்ச்சருக்குக் கொஞ்சம், ஆன்டிஜெனுக்கு 40 மைக்ரோ லிட்டர், மீதியில் ஒரு சொட்டு மையோடு. ரிப்போர்ட்டில் 'சுழற்றாத மாதிரி' என்று குறிப்பிடுங்கள்.

4. ஸ்லைடு போடுவது

சுத்தமான, கீறலில்லாத ஸ்லைடை எடுத்துப் பஞ்சால் துடையுங்கள். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கையுறைப் பவுடர் எல்லாமே பின்னால் தொந்தரவு தரும். பவுடர் இல்லாத கையுறை கிடைத்தால் அதைப் போடுங்கள்.

படிவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வையுங்கள். அதற்குப் பக்கத்தில், தொடாமல், அதைவிடச் சின்னதாக மை ஒரு சொட்டு. கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தால் இரண்டையும் கலந்து, சாய்த்து மெதுவாக இறக்குங்கள். நேராக மேலிருந்து போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். சரியான அடர்த்தியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்லைடை அச்சடித்த தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். மையின் ஊடாக எழுத்துகளைப் படிக்க முடிந்தால் சரி. படிக்கவே முடியாத அளவு கறுப்பாக இருந்தால் செல்களும் உள்ளே மறைந்துவிடும். வெளிறிப்போய் இருந்தால் வளையத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்குப் பிடித்த முறை, கலக்காமல் விடுவது. சி.எஸ்.எஃப். சொட்டின் மேல் கவர் ஸ்லிப்பை வைத்துவிட்டு, அதன் ஒரு ஓரத்தில் மட்டும் மையை வைத்தால் அது தானாக உள்ளே ஊறும். ஒரு பக்கம் அடர்கறுப்பு, மறுபக்கம் வெளிறல், நடுவில் எங்கோ ஓரிடத்தில் சரியான அடர்த்தி தானாக அமைந்துவிடும். புரதம் அதிகமுள்ள மாதிரியில் மை திரிந்தாலும் அது எந்த ஓரத்தில் தொடங்குகிறது என்று பார்க்க முடியும்.

ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஃபேன் ஓடும் அறையில் கவர் ஸ்லிப்பின் ஓரங்கள் சில நிமிடங்களிலேயே காயத் தொடங்கும். காய்ந்த மையில் விரிசல் விழுந்து, உறை சுருங்கி, எல்லாம் வட்டமாகத் தெரியும். மூத்தவர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டுமென்றால் நான்கு ஓரத்திலும் வாசலினோ நெயில் பாலிஷோ தடவி மூடிவையுங்கள்.

5. வெளிச்சத்தைக் குறையுங்கள்

10 லென்ஸில் தொடங்குங்கள். கண்டென்சரைச் சற்று இறக்கி, ஐரிஸைப் பாதிக்கு மேல் மூடுங்கள். கிராம் ஸ்லைடு பார்க்கிற முழு வெளிச்சத்தில் ஈஸ்டின் சுவர் தெரியாது. கறுத்த களத்தில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று முழு கவர் ஸ்லிப்பையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிசையாகப் பாருங்கள். புள்ளி கண்ட இடத்தில் 40 லென்ஸுக்கு மாறுங்கள். முடிவெடுப்பது 40-இல்தான்.

10-இல் எதுவும் இல்லை என்றாலும் 40-இல் குறைந்தது பத்து நிமிடமாவது தேடுங்கள். உறை மெலிதாக உள்ள ஈஸ்ட் 10-இல் தெரியாது.

6. வளையம் தெரிந்தால் அவசரப்படாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வளையத்தைப் பார்த்ததும் கை ரிப்போர்ட்டுக்குப் போய்விடுகிறது. வளையத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள், வளையத்துக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கிரிப்டோகாக்கஸ் செல் பெரும்பாலும் 4 முதல் 10 மைக்ரோமீட்டர் இருக்கும். சிவப்பணு 7 மைக்ரோமீட்டர் என்பதால், பக்கத்தில் ஒன்று கிடந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எல்லா செல்லும் ஒரே அளவில் இருக்காது, சின்னதும் பெரியதுமாகக் கலந்திருக்கும். நன்றாக உருண்டையாக இருக்கும். ஃபைன் ஃபோகஸை மிக மெதுவாக மேலும் கீழும் திருப்பினால் செல்லின் சுவர் இரட்டைக் கோடாகப் பளிச்சென்று மின்னும். உள்ளே ஒன்றிரண்டு மணிகள் போன்ற துகள்கள் தெரியும். சுவரைச் சுற்றி வெளிச்சமான உறை, அதன் வெளி விளிம்பு கத்தியால் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும். அந்த விளிம்பையே ஒரு நிமிடம் பாருங்கள். வெளியே கரித்துகள்கள் நடுங்கிக்கொண்டே இருக்கும், விளிம்புவரை வந்து முட்டும், உள்ளே ஒன்றுகூடப் போகாது.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம் மொட்டு. தாய் செல்லிலிருந்து குறுகிய கழுத்தோடு சின்னதாக ஒரு செல் முளைத்திருக்கும், இரண்டையும் சேர்த்து ஒரே உறை மூடியிருக்கும். இப்படி ஒன்றையாவது பார்க்காமல் நான் பாசிட்டிவ் என்று எழுதமாட்டேன். மொட்டு கிடைக்கும்வரை அடுத்த ஸ்லைடு போடுவேன்.

குழப்பத்தில் முதலிடம் லிம்போசைட்டுக்கு. மையில் கிடக்கும் லிம்போசைட்டைச் சுற்றியும் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும். ஆனால் அதன் விளிம்பு கூர்மையாக இருக்காது, கறுப்பில் கரைந்துபோகும். இரட்டைச் சுவர் இருக்காது, செல்லின் எல்லை ஒழுங்கற்று இருக்கும், உள்ளே சாம்பல் நிறத்தில் அணுக்கரு நிறைந்திருக்கும், மொட்டு கிடையாது. காற்றுக் குமிழியின் விளிம்பு தடித்த கறுப்பாக இருக்கும், நடுவில் எதுவுமே இருக்காது. எண்ணெய்த் துளியும் அப்படித்தான், உள்ளே கட்டமைப்பு இல்லாமல் வெறுமனே மின்னும். கையுறைப் பவுடரின் மாவுத்துகளில் கோணங்கள் தெரியும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டு வழி. கவர் ஸ்லிப்பைப் பென்சில் முனையால் லேசாகத் தட்டுங்கள். ஈஸ்ட் உருளும்போது அதன் உறையும் அப்படியே கூடவே போகும். இரண்டாவது வழி இன்னும் உறுதியானது. படிவில் இன்னொரு சொட்டை எடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு சேர்த்து, மை இல்லாமல், சில நிமிடம் கழித்துப் பாருங்கள். வெள்ளையணுக்களும் சிவப்பணுக்களும் கரைந்து காணாமல் போகும், ஈஸ்டின் சுவர் அப்படியே நிற்கும். நைட் டியூட்டியில் கேட்க ஆளில்லாதபோது இந்தச் சொட்டு பெரிய உதவி.

7. ஒரு மாதிரியை முழுக்கப் பார்ப்போம்

இப்படி ஒரு மாதிரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர வயது ஆண், மூன்று வாரமாகத் தலைவலி, நேற்றிலிருந்து வாந்தி. 3 மில்லி, தெளிந்த நீர். ஹெமட்டாலஜி ஏற்கெனவே எண்ணி அனுப்பிவிட்டார்கள்: 40 செல், எல்லாம் லிம்போசைட். சர்க்கரை 38, அதே நேரத்தில் எடுத்த ரத்தச் சர்க்கரை 110. புரதம் சற்று அதிகம். பார்த்தவுடனே எல்லோருக்கும் காசநோய் என்றுதான் தோன்றும்.

மை கன்ட்ரோல் ஸ்லைடு சுத்தம். சுழற்றிய படிவிலிருந்து ஒரு சொட்டு போட்டாயிற்று. 10 லென்ஸில் அங்கங்கே வெளிச்சப் புள்ளிகள். 40-இல் முதல் புள்ளிக்கு விளிம்பு மங்கல், உள்ளே அணுக்கரு: லிம்போசைட். இரண்டாவதும் அப்படியே. இங்கேயே நிறுத்தியிருந்தால் நெகட்டிவ். நான்கைந்து களம் தள்ளி ஒன்று, 6 மைக்ரோமீட்டர் அளவில் உருண்டை, இரட்டைச் சுவர், அதைச் சுற்றிக் கூர்மையான விளிம்போடு அகலமான உறை. அதே வரிசையில் இன்னும் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று பாதி அளவு. மொட்டு இன்னும் இல்லை.

இரண்டாவது சொட்டு போட்டுப் பார்த்தால், அதில் குறுகிய கழுத்தோடு ஒரு ஜோடி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஸ்லைடில் லிம்போசைட் எல்லாம் கரைந்த பிறகும் உருண்டைகள் நிற்கின்றன. கிராம் ஸ்லைடிலும் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறிய ஈஸ்ட் ஒன்றிரண்டு. இனித் தயங்க வேண்டியதில்லை.

இப்போது ஹெமட்டாலஜியைக் கூப்பிட்டு நியூபாவர் சேம்பரை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். உறை தெரியாத சேம்பரில் கிரிப்டோகாக்கஸ் செல்லும் லிம்போசைட்டும் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அந்த 40-இல் பாதி ஈஸ்டாகக்கூட இருக்கலாம். எண்ணிக்கை திருத்தப்படாமல் போனால், மருத்துவர் நாளைக்கும் அந்த 40 லிம்போசைட்டை வைத்தே யோசிப்பார்.

8. எதுவும் தெரியவில்லையென்றால்

நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளில்லை. கண்ணுக்குத் தெரிய ஒரு மில்லியில் ஆயிரக்கணக்கில் ஈஸ்ட் இருக்கவேண்டும். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் இந்தியா இங்க் 86 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தது. ஈஸ்ட் குறைவாக, மில்லிக்கு 1000-க்கும் கீழே இருந்தவர்களில் பாதிப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை. அதே ஆய்வில் ஆன்டிஜென் பட்டை 99 சதவீதத்துக்கு மேல் பிடித்தது. எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் ஈஸ்ட் பொதுவாக இன்னும் குறைவாகத்தான் இருக்கும், அங்கே மை இன்னும் அதிகமாக ஏமாற்றும்.

ஆகவே லேபில் கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென் பட்டை இருந்தால் அதையும் போடுங்கள். நாம் எடுத்துவைத்த மேல்நீரில் 40 மைக்ரோ லிட்டர், பட்டையோடு வரும் கரைசல் ஒரு சொட்டு, பத்து நிமிடத்தில் கோடு தெரியும். மையைவிட விலை அதிகம்தான், ஆனால் ஒரு நோயாளியைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் அது பணமே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஆன்டிஜென் பரிசோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறது, அது கிடைக்காத இடத்தில் இந்தியா இங்க். பட்டை தீர்ந்துபோகிற மாதங்களிலும், பட்டையே வாங்காத சின்ன மருத்துவமனைகளிலும் அன்றைக்கே பதில் தருவது மை ஒன்றுதான்.

மை, ஆன்டிஜென் பட்டை இரண்டும் நெகட்டிவ் என்றாலும் கல்ச்சரை விடக்கூடாது. சாபரோ டெக்ஸ்ட்ரோஸ் அகரில் போடும்போது சைக்ளோஹெக்சிமைடு சேர்க்காத பாட்டிலை எடுங்கள். மற்ற பூஞ்சைகளை அடக்க அதைச் சேர்ப்பார்கள், அது கிரிப்டோகாக்கஸையும் அடக்கிவிடும். லேபில் இரண்டு வகை பாட்டிலும் ஒரே ரேக்கில் இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். 30 டிகிரியிலும் 37 டிகிரியிலும் ஒவ்வொன்று வையுங்கள். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாளில் வழவழப்பான, வெண்மஞ்சள் காலனிகள் வரும். வராவிட்டால் நான்கு வாரம்வரை வைத்திருங்கள்.

ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவரின் மாதிரி வந்தால் வேறொரு சிக்கல். செத்த ஈஸ்டுக்கும் உறை இருக்கும். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மையில் ஈஸ்ட் தெரியும். உயிரோடு இருக்கிறதா என்று கல்ச்சர்தான் சொல்லும். படிவத்தில் ஆம்போடெரிசின் எழுதியிருந்தால் இதை ரிப்போர்ட்டிலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

9. ரிப்போர்ட், போன், பதிவேடு

மாதிரி வந்ததிலிருந்து மை முடிவு ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். சுழற்ற கால் மணி, ஸ்லைடும் தேடலும் கால் மணி, மீதி எழுத. இதற்கு மேல் ஆகிறதென்றால் மாதிரி எங்கோ காத்துக்கிடக்கிறது என்று பொருள்.

பாசிட்டிவ் என்றால் எழுதுவதற்கு முன்னால் போனை எடுங்கள். டியூட்டி டாக்டரிடமே பேசுங்கள், வார்டில் யாரிடமோ சொல்லி வைக்காதீர்கள். "மேடம், மைக்ரோபயாலஜி லேப்ல இருந்து பேசுறேன். பன்னிரண்டாம் பெட் சி.எஸ்.எஃப்.ல இந்தியா இங்க் பாசிட்டிவ். உறையோட மொட்டு விடுற ஈஸ்ட் தெரியுது. கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று சொன்னால் போதும். அவர் திரும்பச் சொல்லும்போதுதான் பெட் எண் மாறியது போன்ற தவறுகள் பிடிபடும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைப் பதிவேட்டில் அப்போதே எழுதுங்கள். ஸ்லைடை மூடிவைத்து மைக்ரோபயாலஜிஸ்ட்டிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதவேண்டும்: 'உறையுடன் கூடிய, மொட்டு விடும் ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன; கிரிப்டோகாக்கஸ் இனத்தைக் குறிக்கிறது'. நியோஃபார்மன்ஸா, காட்டியா என்று மையை வைத்துச் சொல்ல முடியாது. அது கல்ச்சருக்குப் பிறகு. நெகட்டிவ் என்றால் 'உறையுள்ள ஈஸ்ட் காணப்படவில்லை. இதை வைத்துக் கிரிப்டோகாக்கஸ் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. ஆன்டிஜென் மற்றும் கல்ச்சர் முடிவைப் பார்க்கவும்' என்று எழுதுங்கள். வெறும் 'நெகட்டிவ்' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை நம்பி ஒரு வார்டு அந்த நோயையே பட்டியலிலிருந்து எடுத்துவிடும்.

பதிவேட்டில் மாதிரியின் அளவு, சுழற்றியதா இல்லையா, மை பாட்டிலைத் திறந்த தேதி, அன்றைய மை கன்ட்ரோல் முடிவு ஆகிய நான்கும் இருக்கட்டும். பின்னால் கல்ச்சர் பாசிட்டிவாகி மை நெகட்டிவாக இருந்தது ஏன் என்று கேள்வி வந்தால், பதில் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

பார்த்து முடித்த ஸ்லைடில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கிறது, சாயம் போட்ட ஸ்லைடு போல வெப்பத்தில் காய்ச்சியதல்ல. 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடிக் கழிவுக்கான நீலப் பெட்டியில் போடுங்கள். மீதமுள்ள படிவையும் மேல்நீரையும் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் மருத்துவர் காசநோய்க்கான ஜீன் எக்ஸ்பெர்ட் கேட்டு போன் செய்தால், இன்னொரு முறை முதுகில் ஊசி போடாமல் அதிலிருந்தே அனுப்பலாம்.